சைட் இன்ஜினியர் நேர்காணல்: நாளைக் காலை கான்கிரீட், இன்று மாலை என்ன செய்வீர்கள்?

சைட் இன்ஜினியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஒரு தளத்தின் வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டு, "நாளைக் காலை ஏழு மணிக்கு இதற்குக் கான்கிரீட். இப்போது மாலை நான்கு மணி. என்ன செய்வீர்கள்?" என்பேன். வரைபடம் வாசிக்கத் தெரியுமா, பாதுகாப்பு பார்ப்பாரா, ஆட்களை வைத்து வேலை வாங்குவாரா, சிக்கல் வந்தால் தடுமாறுவாரா என்பதெல்லாம் அதிலேயே வெளியே வந்துவிடும். என்னை நேர்காணல் செய்தவர்களும் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்டார்கள். அதனால் இந்த ஒரு மாலையையும் அடுத்த நாளையும் முழுசாகப் பேசத் தெரிந்துகொள்வோம்.

பேசுவதற்கு ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். நீளத்தில் 4 மீட்டராக மூன்று கட்டம், அகலத்தில் 4 மீட்டராக இரண்டு கட்டம். தளத்தின் கனம் 150 மி.மீ. பீம் 230 அகலம், தளத்தையும் சேர்த்து 450 ஆழம். கான்கிரீட் எம்25. ஓரத்தில் ஒரு பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கணக்கு எளிதாக இருக்க அதன் கான்கிரீட்டைக் கீழே சேர்க்கவில்லை.

படி 1: வரைபடத்தைக் கையில் வாங்கியதும்

பெரும்பாலானவர்கள் வாங்கியவுடன் கம்பியின் விட்டத்தைத் தேடுவார்கள். நான் பார்ப்பது அவர் கண் முதலில் எங்கே போகிறது என்பதை. கீழே வலது மூலையில் தலைப்புக் கட்டம் இருக்கும். அதில் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும், 'கட்டுமானத்துக்கு அனுமதிக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருக்க வேண்டும். பழைய திருத்தத்தை வைத்துக் கம்பி கட்டி, கட்டியதையெல்லாம் பிரித்த கதை இல்லாத சைட் குறைவு. "சார், இதுதான் கடைசித் திருத்தமா?" என்று கேட்டுவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

அடுத்து, கட்டடக்கலை வரைபடத்தையும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வேண்டுமென்றே ஒரு முரண்பாடு வைத்திருப்பேன். கட்டடக்கலை வரைபடத்தில் குளியலறைப் பகுதி தாழ்ந்த தளமாக இருக்கும், ஸ்ட்ரக்சுரலில் எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, கண்டுபிடித்த பிறகு என்ன சொல்கிறீர்கள் என்பதில். "கட்டடக்கலை வரைபடத்தைப் பின்பற்றுவேன்" என்றாலும் தவறு, "ஸ்ட்ரக்சுரலைப் பின்பற்றுவேன்" என்றாலும் தவறு. தாழ்ந்த தளம் என்றால் கம்பியை வளைக்கும் விதமும் பீமின் மட்டமும் மாறும். அதை முடிவு செய்வது வடிவமைத்தவர். இன்றே எழுத்தில் விளக்கம் கேட்டு, பதில் வரும்வரை அந்தப் பகுதியில் கம்பி வேலையை நிறுத்தி வைப்பேன் என்பதுதான் பதில். வரைபடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுதியிருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும், எழுதாவிட்டால் கேட்க வேண்டும்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு வரும். "அடிக் கம்பி 10 மி.மீ., 150 இடைவெளி, 8 மீட்டர் திசையில் ஓடுகிறது. எத்தனை கம்பி, என்ன எடை?" 12,000-ஐ 150-ஆல் வகுத்தால் 80 இடைவெளி, ஆக 81 கம்பி. அந்த ஒன்றைக் கூட்ட மறப்பவர்கள் ஏராளம். ஒரு மீட்டர் எடைக்குச் சூத்திரம் `d²/162`, 10 மி.மீ.க்கு 0.617 கிலோ. 81 × 8 = 648 மீட்டர், எடை ஏறக்குறைய 400 கிலோ. முனை வளைவுகளைத் தனியே சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதோடு விடமாட்டேன். "கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 8 மீட்டர் வெட்டினால் 4 மீட்டர் துண்டு 81 மிஞ்சும். என்ன செய்வீர்கள்?" என்பேன். பீம்களுக்கு மேலே வரும் கூடுதல் மேல்கம்பிக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் விட்டமும் நீளமும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வெட்டச் சொல்வேன் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு அன்றே வேலை கொடுத்தோம்.

படி 2: பால்கனிக்கு நேராகப் போங்கள்

கம்பியைச் சரிபார்க்கப் போவதாகச் சொன்னால், எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்பார்கள். பால்கனியிலிருந்து என்று சொல்லுங்கள். மற்றத் தளங்களில் நடுவில் இழுவிசை அடிப்பக்கம் வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் அது மேல்பக்கம் வரும். முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், அதோடு தளத்துக்குள்ளும் போதுமான தூரம் போய் நங்கூரம் பிடித்திருக்க வேண்டும்.

வரைபடத்தில் சரியாக இருக்கும், கட்டும்போதும் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். கெடுவது கான்கிரீட் போடும் நேரத்தில். ஆட்கள் மேல்கம்பியை மிதித்து நடப்பார்கள், தாங்கும் சேர் கம்பிகள் போதாமல் அது கீழே இறங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பால்கனியில் இப்படி 40 மி.மீ. இறங்கியிருந்தது. கான்கிரீட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என் மேலாளர்தான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார், நான் அல்ல. 150 மி.மீ. தளத்தில் அந்தக் கம்பிக்குக் கிடைக்கும் ஆழமே ஏறக்குறைய 125. அதில் 40 போனால் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பார்த்தால் தெரியாது, ஜாக்கியைக் கழற்றும் நாளில்தான் தெரியும்.

அதனால் சொல்ல வேண்டியது இது: மேல்கம்பிக்கு அடியில் சேர் கம்பிகளை நெருக்கமாக வைப்பேன், நடப்பதற்குப் பலகை போடுவேன், கான்கிரீட் பால்கனியை நெருங்கும்போது நானே அங்கே நின்று டேப்பால் அளந்து பார்ப்பேன். கவர் பிளாக் அளவுகளையும் கேட்பார்கள். ஐஎஸ் 456-இல் சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40. வரைபடத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் வரைபடம் சொல்வதுதான்.

படி 3: அடியில் குனிந்து போய்ப் பார்ப்பது

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், காலணி, பெல்ட் என்று பட்டியல் ஒப்பிப்பவர்கள் அதிகம். அது தவறில்லை, ஆனால் யாரும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. தளத்தின் அடியில் போய் என்ன பார்ப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் எடையைச் சொல்லுங்கள். தளம் 12 × 8 × 0.15 = 14.4 கன மீட்டர். தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் பகுதி 300 மி.மீ. பீம்களின் மொத்த நீளம், 8 மீட்டரில் நான்கும் 12 மீட்டரில் மூன்றும் சேர்த்து 68 மீட்டர். 68 × 0.23 × 0.30 போட்டால் 4.7. ஆக 19 கன மீட்டர். கன மீட்டருக்கு இரண்டரை டன் வீதம் ஏறக்குறைய 48 டன், இன்னும் தானாக நிற்கத் தெரியாத ஈரக் கான்கிரீட். அதோடு ஆட்களும் பம்ப் குழாயின் அதிர்வும். மொத்தத்தையும் நாளை தாங்கப் போவது ஜாக்கிகள்.

இப்போது பார்க்க வேண்டியவை தானாக வரும். ஜாக்கி தூக்குக்குண்டு நேராக நிற்கிறதா. அதன் அடித்தட்டு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? நிரப்பிய மண்ணின் மேல் வெறுமனே நின்றால், இரவில் தண்ணீர் ஓடினாலே இறங்கிவிடும். அடியில் அகலப் பலகை வேண்டும். ஜாக்கியின் பின்னுக்குப் பதில் துண்டுக் கம்பி செருகியிருக்கிறதா? இது கிட்டத்தட்ட எல்லா சைட்டிலும் நடக்கும். குறுக்குப் பிணைப்பு இரண்டு திசையிலும் இருக்கிறதா? செங்கலை அடுக்கி உயரம் கூட்டியிருந்தால் அதை மாற்றாமல் கான்கிரீட் இல்லை.

மேலே வந்தால் தள ஓரத்தில் தடுப்பு, திறப்புகளுக்கு மூடி, நீட்டி நிற்கும் தூண் கம்பிகளின் முனைக்குத் தொப்பி. வைப்ரேட்டர் மின்சாரத்தில் ஓடினால், ஈரத்தில் நிற்பவர் கையில் அது இருக்கும். 30 மில்லிஆம்பியர் கசிவு வந்தாலே துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை நீங்களே ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கான்கிரீட் போடும்போது அடியில் ஜாக்கிகளைக் கவனிக்கும் தச்சரைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. அவர் சத்தம் கொடுத்தால் மேலே உடனே நிறுத்த வேண்டும். அந்த சைகை என்ன என்பதை முதல் லாரி வருவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

படி 4: மேஸ்திரியோடு

அடுத்து வரும் கேள்வி இப்படி இருக்கும்: "சேர் கம்பி போதாது என்கிறீர்கள். மேஸ்திரிக்கு இருபது வருட அனுபவம். 'தம்பி, நாங்கள் எத்தனையோ ரூஃப் போட்டிருக்கிறோம், இதெல்லாம் போதும்' என்கிறார். மணி ஐந்தரை. என்ன செய்வீர்கள்?"

"மேலாளரிடம் புகார் சொல்வேன்" என்பது முதல் பதிலாக வந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. "நான் இன்ஜினியர், சொன்னதைச் செய்ய வேண்டும்" என்பது அதைவிட மோசம். நல்ல பதில் இப்படிப் போகும்: ஆட்கள் முன்னால் பேசாமல் அவரைத் தனியே பால்கனிக்கு அழைத்துப் போவேன். "அண்ணே, இந்தக் கம்பி மேல் கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்பேன். அவர் நின்றதும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று டேப்பை வைத்துக் காட்டுவேன். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் எழுத்தில் கொடுத்து, அந்தப் பகுதிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, பிறகு மேலாளரிடம் போவேன்.

இன்னொரு விஷயம், மேஸ்திரியைத் தாண்டி அவருடைய ஆட்களிடம் நேராக வேலை சொல்லாதீர்கள். ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். மற்றபடி அவர் வழியாகத்தான். இல்லாவிட்டால் அடுத்த நாள் முதல் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்ற சாக்கு நிரந்தரமாகிவிடும்.

ஆள் எண்ணிக்கையைக் கேட்டால் ஒரு எண்ணை மட்டும் சொல்லாமல் இடம் பிரித்துச் சொல்லுங்கள். பம்ப் குழாய் முனையில் யார், இழுத்துப் பரப்புபவர்கள் யார், வைப்ரேட்டரில் இருவர் மாறி மாறி, மட்டப்பலகை பிடிப்பவர்கள், மேற்பரப்பு தேய்க்கும் கொத்தனார், அவர்களோடு கூட ஒரு கம்பி ஆளும் ஒரு தச்சரும். கடைசி இருவரை யாரும் நினைப்பதில்லை. நடுவில் கம்பி விலகினாலோ சென்டரிங் பலகை வாய் பிளந்தாலோ அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே மேஸ்திரியிடம் பேசி வைக்க வேண்டும். அன்று மதியம் மட்டும் இரண்டு பந்தி.

படி 5: கான்கிரீட் வருகிறது

19 கன மீட்டருக்குச் சேதாரம் சேர்த்து 20. லாரி 6 கன மீட்டர் என்றால் மூன்று முழு லாரியும் ஒரு குட்டி லோடும். கடைசி லோடின் அளவை இப்போதே சொல்லிவிடாமல், மூன்றாவது லாரி இறக்கும்போது மீதி இடத்தை அளந்து சொல்வேன் என்றால் நீங்கள் சைட்டில் நின்றவர் என்று தெரிந்துவிடும்.

கியூப் எத்தனை என்பது நிச்சயம் வரும். ஐஎஸ் 456-இன்படி 16 முதல் 30 கன மீட்டர் வரை மூன்று மாதிரி, ஒரு மாதிரிக்கு மூன்று கியூப், ஆக 28 நாள் சோதனைக்கு ஒன்பது. 7 நாளில் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். மூன்று மாதிரியையும் ஒரே லாரியில் எடுத்துவிடக் கூடாது.

அப்புறம் ஓட்டுநர். கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது, பம்பில் போகவில்லை, கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா என்பார். ஏன் கூடாது என்பதை எண்ணால் சொல்லுங்கள். கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட் என்று வைத்தால் லாரியில் 2,040 கிலோ. 100 லிட்டர் விட்டால் நீர்-சிமென்ட் விகிதம் 0.05 கூடிவிடும். 0.45 என்று வடிவமைத்தது 0.50 ஆகிவிடும், வலிமை கண்ணெதிரே குறையும். ஸ்லம்ப் எடுத்துப் பார்த்து, குறைவாக இருந்தால் ரெடிமிக்ஸ் நிறுவனத்தின் தர ஆளை அழைத்து, ரசாயனக் கலவை சேர்த்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பது வழி. முடியாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்புவது.

படி 6: மூன்றாவது லாரி வரவில்லை

இதுதான் நேர்காணலின் கடைசி, கனமான கட்டம். "இரண்டு லாரி, 12 கன மீட்டர் வந்துவிட்டது. மூன்றாவது வழியில் பழுதாகி நிற்கிறது. மூன்று மணி நேரம் ஆகும். நல்ல வெயில். என்ன செய்வீர்கள்?"

உடனே பதில் சொல்லாதீர்கள். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இந்தச் செய்தி எனக்கு எப்போது தெரிந்தது?"

ஏன் அது முக்கியம் என்று பாருங்கள். 19 கன மீட்டர் 12 மீட்டர் நீளத்தில் பரவுகிறது. ஒரு மீட்டருக்கு 1.6 அளவு. ஒரு முனையிலிருந்து போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு லாரி முடியும்போது கான்கிரீட் 7.5 மீட்டரில் நிற்கும். 8 மீட்டரில் பீம் இருக்கிறது. பீமுக்கு அருகில்தான் வெட்டுவிசை அதிகம். அங்கே இணைப்பு விடுவது மிக மோசமான இடம். தளத்தில் நிறுத்த ஏற்ற இடம் ஒரு கட்டத்தின் நடு மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது கட்டத்துக்கு அது 5.3 முதல் 6.7 மீட்டருக்குள்.

இரண்டாவது லாரி பாதி இறக்கும்போதே செய்தி வந்தால் வேலை எளிது. 6.5 மீட்டர் வாக்கில் நிறுத்தி, செங்குத்தாகத் தடுப்புப் பலகை வைத்து, லாரியில் மிஞ்சும் ஒன்றரை கன மீட்டரைத் தளத்துக்கு வெளியே வேறு எங்காவது பயன்படுத்திக்கொள்ளலாம். முழுதும் இறக்கிய பிறகு தெரிந்தால், முதலில் முன்முகத்தை உயிரோடு வைத்திருக்கப் பார்க்க வேண்டும். ஈரச் சாக்கால் மூடி, அவ்வப்போது வைப்ரேட்டர் ஊசியை வைத்துச் சோதிக்க வேண்டும். ஊசி தன் எடையிலேயே உள்ளே இறங்கி, எடுக்கும்போது குழி தானாக மூடிக்கொண்டால் புதுக் கான்கிரீட் அதோடு இன்னும் கலக்கும். குழி அப்படியே நின்றால் நேரம் முடிந்துவிட்டது.

மூன்று மணி நேரம் நிச்சயம் என்றால் அதற்காகக் காத்திருக்காமல், கான்கிரீட் இளகலாக இருக்கும்போதே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குப் போன் போட்டு, 6.7 மீட்டர் கோடுவரை பின்னால் வாரி எடுத்துவிட்டுப் பலகை வைக்கலாமா என்று கேட்க வேண்டும். ஒன்றேகால் கன மீட்டர் வீணாகும். வீணாகும் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். சரிவாக விட்டுவிட்டு மறுநாள் மேலே ஊற்றுவது, சிமென்ட் பாலை ஊற்றிச் சமாளிப்பது, இந்த இரண்டும் பெரிய சைட்டிலும் நடக்கிறது, இரண்டும் பிறகு ஒழுகலாகத் திரும்பி வரும்.

மறுநாள் தொடரும்போது, இணைப்பு முகத்தின் மேல் படிந்த பலவீனமான பாலாடையைக் கம்பித் தூரிகையால் ஜல்லி தெரியும்வரை உரசி எடுத்து, கழுவி, ஈரமாக்கி, தேங்கிய நீர் இல்லாமல் பார்த்துப் போட வேண்டும். இணைப்பு எங்கே விழுந்தது என்பதை வரைபடத்தில் குறித்து, படத்தோடு அன்றைய அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு சில துண்டுக் கேள்விகள் வரும். ஈரம் காத்தல் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள். ஜாக்கி எடுப்பது, நம் தளம் 4 மீட்டர் வீச்சு என்பதால் தளத்துக்கு 7 நாள், பீமுக்கு 14 நாள். பால்கனிக்கு வடிவமைத்தவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுக்கும்போது முனையிலிருந்து சுவர்ப் பக்கம் நோக்கி வர வேண்டும். சென்டரிங் பிரித்ததும் பீமில் ஹனிகூம்ப் தெரிந்தால், பூசி மறைக்கும் முன் படம் எடுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, கம்பி வரை போயிருக்கிறதா என்று கண்டு, மேலே தெரிவிக்க வேண்டும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ஒன்று கேளுங்கள்: இந்த சைட்டில் கான்கிரீட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நான் நிறுத்தினால் லாரி காத்திருக்கும் செலவை யார் கணக்கில் எழுதுவீர்கள்? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த இடத்தில் சேருவதைப் பற்றி நீங்கள் ஒரு இரவு யோசிக்கலாம்.